112எம் என்பது 112 மீட்டர் அல்ல: மோட்டார் தகட்டைத் தமிழில் எழுதும் முறை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. வேலை செய்பவர்கள் வீட்டில் பேசுவதும் பள்ளியில் படித்ததும் தமிழ். ஊர்ப் பலகைகளில் மலையாளம் இருக்கும், மோட்டார் தகட்டில் ஆங்கிலம் மட்டும்தான். மில்காரர் நல்ல எண்ணத்தில் அந்தத் தகட்டை யாரிடமோ கொடுத்துத் தமிழில் ஓர் அட்டை அடித்து, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். அதில் இப்படி இருந்தது: "திறன் 5. மின்னழுத்தம் 415. சட்டம் 112 மீட்டர். கடமை எஸ்1. காப்பு வகுப்பு எஃப். காப்பு 55."

ஒருநாள் மோட்டார் எரிந்துபோனது. மில்லில் இருந்த பையன் கோயம்புத்தூர்க் கடைக்கு போன் போட்டு, அட்டையைப் பார்த்து முதல் இரண்டு வரியை வாசித்தான். சட்டம், கடமை எல்லாம் அவனுக்கே புரியவில்லை, எப்படிச் சொல்வான்? நம் பக்கத்திலிருந்து 5 ஹெச்.பி. மோட்டார் கேட்டால் பெரும்பாலும் தண்ணீர் பம்புக்குத்தான் இருக்கும் என்று கடைக்காரர் நினைத்து, 2,880 சுற்று ஓடும் மோட்டாரை அனுப்பிவிட்டார். அதன் ஃபிரேம் 100எல். பழைய மோட்டாரோ 112எம், 1,440 சுற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் ஷாஃப்ட் ஒரே தடிமன், 28 மில்லிமீட்டர். பழைய புல்லி புதிய மோட்டாரில் சிக்கென்று ஏறிவிட்டது. பெட்டில் போல்ட் ஓட்டை மட்டும் சேரவில்லை, புதிதாகத் துளை போட்டுக்கொண்டார்கள். சுவிட்ச் போட்டதும் செக்கு இருமடங்கு வேகத்தில் அலறியது. ஓவர்லோட் ரிலே சில நொடிகளில் கையை விரித்ததால் பெரிய சேதமில்லை.

அட்டையைத் திருத்திக் கொடுக்கும் வேலை அப்புறம் என்னிடம் வந்தது. அந்த அட்டையை எப்படிச் செய்தேன் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். திறன், ஃபிரேம், இன்சுலேஷன் வகுப்பு என்ற மூன்றில்தான் தமிழ் நம்மைக் கவிழ்க்கிறது. அங்கே நின்று பார்ப்போம், மற்றவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம்.

தகட்டை அப்படியே படியெடுப்பது

மொழிபெயர்ப்பு மேசையில் தொடங்குவதில்லை, மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்வதில் தொடங்குகிறது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தகட்டைத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எழுத்து ஆழமில்லாத தகடாக இருந்தால் இருப்பதும் போய்விடும். பொறித்த எண்கள் மங்கலாக இருந்தால் மேலே சாக்பீஸைத் தேய்த்து லேசாகத் துடைத்தால், பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் எழுந்து நிற்கும்.

இந்த மில்லின் எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்து திரும்ப மாட்டியிருந்தார்கள். அதன் தகட்டில் இருந்தது இவ்வளவு:

```
3 PH INDUCTION MOTOR    IE3
kW/HP  3.7/5.0    V   415 ±10%  Δ
A      7.3        Hz  50 ±5%
RPM    1440       cosφ  0.80
EFF    88.4 %     DUTY  S1
FRAME  112M       IP  55
INS. CL.  F       TEMP. RISE  B
AMB.  45 °C       IS 12615
```

படியெடுத்த எண்கள் சரியா என்று பார்க்க தகட்டையே சாட்சிக்கு அழைக்கலாம். 3, 8 இரண்டும், 1, 7 இரண்டும் தேய்ந்த தகட்டில் ஒன்றுபோல் தெரியும். கிலோவாட்டை 0.746 ஆல் வகுத்தால் ஹெச்.பி. வரவேண்டும்: 3.7 ஐ வகுத்தால் 4.96, அதாவது 5. ஆம்பியர் சரியா என்று பார்க்க இந்தக் கணக்கு போதும்:

```
I = 3700 / (1.732 × 415 × 0.80 × 0.884) = 7.28 A
```

7.3 என்று படித்தது சரி. 1.3 என்றோ 7.8 என்றோ படித்திருந்தால் இங்கேயே பிடிபட்டிருக்கும். மொழிபெயர்ப்பாளருக்கு எதற்குக் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. தவறான எண்ணை அழகான தமிழில் எழுதி என்ன பயன்?

அடுத்து, எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்யுங்கள். என் வழக்கம் இது: வரியின் பெயரைத் தமிழாக்குவேன், எண்ணையும் குறியையும் தகட்டில் உள்ள ஆங்கில எழுத்திலேயே விடுவேன், குறிக்குப் பொருள் தேவையென்றால் பக்கத்தில் ஒரு வரி தமிழில் எழுதுவேன். காரணம், அட்டையைப் படிப்பவர் தமிழர் என்றாலும், அதைக் கேட்டு மோட்டார் அனுப்புகிற கடைக்காரர் பட்டியலில் அந்த ஆங்கிலக் குறியைத்தான் தேடுவார். இந்தக் கட்டுரையில் வாசிக்க வசதியாக 112எம், எஃப் என்று எழுதுகிறேன். அட்டையில் அப்படிச் செய்ய மாட்டேன்.

திறன் என்ற ஒரு சொல், மூன்று வரி

பாடநூல் தமிழில் முதல் வரி திறன். சரி. அப்புறம் கொசைன் ஃபை என்ற வரி திறன் காரணி. எஃபிஷியன்சி வரி பயனுறு திறன், சில நூல்களில் செயல்திறன். அட்டையில் இந்த மூன்றையும் எழுதிவிட்டு மில்காரரிடம் "திறன் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். 3.7 என்பார், 88.4 என்பார், 0.80 என்பார். எல்லாமே திறன்தானே?

சக்தி என்று மாற்றினாலும் தீராது. சக்தி, ஆற்றல் இரண்டும் வேலை செய்யும் மொத்த அளவைக் குறிக்கும் சொற்களாகப் பள்ளியிலிருந்தே பதிந்துவிட்டன. அது கரண்ட் பில்லில் வரும் யூனிட். கிலோவாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்ற வேகம். எனவே கிலோவாட் வரிக்கு மட்டும் திறன் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டேன், மற்ற இரண்டு வரியிலிருந்தும் அதை விலக்கினேன். எஃபிஷியன்சிக்குப் "பயன் விகிதம்" என்று வைத்தேன். அது ஒரு விகிதம்தான், உள்ளே போனதில் எத்தனை பங்கு பயனாக வெளியே வந்தது என்று. கொசைன் ஃபையை "பவர் ஃபேக்டர்" என்றே விட்டுவிட்டேன். மின்வாரியத்திலும் எலக்ட்ரீசியனிடமும் அந்தச் சொல்தான் நடமாடுகிறது. மலையாள ஆவணத்திலிருந்து தமிழுக்கு வருபவர்கள் "காரியக்ஷமத" என்பதைக் காரியத் திறன் என்று எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். அதிலும் திறன் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது.

சொல்லை ஒதுக்கியது பாதி வேலை. எந்தப் பக்கத்துத் திறன் என்பதையும் சொல்லியாக வேண்டும். தகட்டில் உள்ள 3.7 கிலோவாட், மோட்டார் ஷாஃப்ட்டில் கொடுக்கும் அளவு. லைனிலிருந்து இழுக்கும் அளவு இல்லை. இழுப்பது எவ்வளவு என்று பார்க்க 3.7 ஐ 0.884 ஆல் வகுக்க வேண்டும், 4.19 கிலோவாட் வருகிறது. முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4.2 யூனிட். "மின் நுகர்வு 3.7" என்று மொழிபெயர்த்த அட்டைகளை நானே இரண்டு மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் செலவு கணக்குப் போட்டால் ஒவ்வொரு மணிக்கும் அரை யூனிட் குறையும், மீட்டர் தப்பாக ஓடுகிறது என்ற சண்டைதான் மிச்சம். அதனால் அட்டையில் "திறன்" என்று மொட்டையாக எழுதாமல் "ஷாஃப்ட்டில் தரும் திறன்" என்று எழுதினேன். மூன்று சொல் நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை.

குதிரைத்திறன் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. சொல்லில் பிழையில்லை. ஆனால் சித்தூர் தாலுகாவில் எந்த மோட்டார் கடையிலும் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஹெச்.பி. தான்.

ஃபிரேம்: மில்லிமீட்டரில் ஓர் உயரம், நீளத்துக்கு ஓர் எழுத்து

பழைய அட்டையில் "சட்டம் 112 மீட்டர்" என்றிருந்ததே, அதில் இரண்டு தவறு உண்டு. சட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோர்ட்டு, அப்புறம் ஜன்னல் சட்டம். சட்டகம் என்றால் கொஞ்சம் தேவலை, ஆனாலும் படிப்பவர் மனதில் ஏதோ இரும்புக் கூடு தோன்றும், அதை எங்கே அளப்பது என்று தெரியாது. ரீவைண்டிங் பட்டறையில் இதைப் பாடி என்றும் ஃபிரேம் என்றும் சொல்கிறார்கள். பாடி என்றால் வார்ப்பு உடம்பு மொத்தமும் ஆகிவிடுகிறது. நான் "ஃபிரேம் அளவு" என்றே வைத்தேன்.

இரண்டாவது தவறு எம். அது மீட்டர் இல்லை. ஃபிரேம் குறியில் எண்ணுக்குப் பின் வரும் எழுத்து உடம்பின் நீளத்தைச் சொல்கிறது: எஸ் என்றால் குட்டை, எம் என்றால் நடுத்தரம், எல் என்றால் நீளம். இதை அலகு என்று நினைத்தால் 112எம் மீட்டராகும், 100எல் லிட்டராகும், 132எஸ் விநாடியாகும். எல்லாமே நம்பத்தகுந்த அலகுகளாக இருப்பதுதான் ஆபத்து.

எண் என்பது மில்லிமீட்டரில் ஓர் உயரம். மோட்டாரின் கால் உட்காரும் அடிப்பரப்பிலிருந்து ஷாஃப்ட்டின் மையம் வரை 112 மில்லிமீட்டர். இந்த உயரங்கள் உலக அளவில் நிர்ணயிக்கப்பட்டவை. 90, 100, 112, 132, 160 என்று படிப்படியாக ஏறும். ஒரே ஃபிரேமுக்குக் கால் துளைகளின் இடைவெளியும் ஒன்றுதான், எந்தக் கம்பெனி செய்தாலும் சரி. 112எம் என்றால் ஷாஃப்ட்டுக்குக் குறுக்கே துளைக்குத் துளை 190 மி.மீ., ஷாஃப்ட் போகும் திசையில் 140 மி.மீ. 100எல் ஃபிரேமில் குறுக்கே 160, நெடுக்கே அதே 140. மில்லில் புதிய மோட்டாருக்கு ஏன் துளை போட வேண்டியிருந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். ஷாஃப்ட் மையமும் 12 மி.மீ. கீழே இறங்கியிருந்தது, ஆனால் பெல்ட்டை இழுத்து முறுக்கினால் அது கண்ணுக்குத் தெரியாது.

ஷாஃப்ட் தடிமன் மட்டும் இரண்டுக்கும் 28 ஆக இருந்ததே அங்கே எல்லோரையும் ஏமாற்றியது. 132எஸ் வந்திருந்தால் ஷாஃப்ட் 38 மி.மீ., புல்லி ஏறாமலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆகவே அட்டையில் ஃபிரேம் குறியோடு நிற்காமல், அளவு டேப்பால் சரிபார்க்கக்கூடிய எண்களையும் எழுதுவது நல்லது: ஷாஃப்ட் உயரம், இரண்டு துளை இடைவெளி, ஷாஃப்ட் தடிமன். தகட்டில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்ப்பதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தகட்டைப் படிக்கும் மெக்கானிக்குக் குறியைப் பார்த்ததும் இந்த எண்கள் மனதில் வந்துவிடும். தமிழ் அட்டையைப் படிப்பவருக்கு வராது. குறி சொல்லாமல் சொல்வதையும் எடுத்துச் சொன்னால்தான் பொருள் முழுதாகக் கைமாறுகிறது. ஆனால் தகட்டில் இருந்தது எது, நான் சேர்த்தது எது என்று தெரியும்படி, சேர்த்த வரிகளுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

ஃபிரேம் சுற்றுவேகத்தைச் சொல்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 1,440 சுற்று என்பது தனி வரி. 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் 1,500 சுற்று சுழலும், ரோட்டர் சுமையில் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி 1,440 இல் ஓடுகிறது. இரண்டு துருவ மோட்டாருக்கு அது 3,000 ஆகவும் 2,880 ஆகவும் ஆகும். பழைய அட்டையில் இந்த வரியே இல்லை. என்னுடையதில் இது ஹெச்.பி.க்கு அடுத்த வரி.

எங்காவது அமெரிக்க இயந்திரத்தோடு வந்த மோட்டாரில் 184டி என்று ஃபிரேம் இருந்தால் இந்தக் கணக்கை அங்கே கொண்டு போகாதீர்கள். அங்கே முதல் இரண்டு இலக்கத்தை நான்கால் வகுத்தால் அங்குலத்தில் உயரம் வரும்: 18 ஐ வகுத்தால் நாலரை அங்குலம், 114.3 மி.மீ.

இன்சுலேஷன் வகுப்பு: காப்பும் பாதுகாப்பும்

பழைய அட்டையில் எனக்கு அதிகம் கவலை தந்தது "காப்பு வகுப்பு எஃப், காப்பு 55" என்ற இரண்டு வரி. முதல் காப்பு, சுருளின் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரம் தாவாமல் தடுக்கும் பொருள். இரண்டாவது காப்பு, மோட்டாரின் வெளி உறை தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கிறது என்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு சொல், தமிழில் இரண்டும் காப்பு. மில்லில் ஒருவர் "காப்பு 55" என்பதை 55 டிகிரி என்று எடுத்துக்கொண்டார். மோட்டார் உடம்பில் கை வைத்துப் பார்த்து, சுடுகிறதே என்று அடிக்கடி நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் மேல் என்ன தப்பு?

சுருளுக்கு "மின்காப்பு வகுப்பு" என்றும், வெளி உறைக்கு "தூசி, தண்ணீர்த் தடுப்பு" என்றும் பிரித்துவிட்டேன். ஐ.பி. 55 இல் முதல் ஐந்து தூசிக்கு: கொஞ்சம் உள்ளே போகலாம், ஓட்டத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது. இரண்டாவது ஐந்து தண்ணீருக்கு: எந்தப் பக்கத்திலிருந்து ஹோஸால் அடித்தாலும் கேடில்லை. அது ஐம்பத்தைந்து இல்லை, ஐந்து, ஐந்து என்று இரண்டு எண்.

இப்போது எஃப். இதைப் பாரன்ஹீட் என்று எழுதியவர்களும் உண்டு. இது ஒரு வகுப்பின் பெயர், அவ்வளவுதான். மின்காப்புப் பொருள் எத்தனை டிகிரி வரை நீண்டகாலம் தாங்கும் என்பதை எழுத்தால் குறிக்கிறார்கள். பி என்றால் 130 டிகிரி செல்சியஸ், எஃப் என்றால் 155, ஹெச் என்றால் 180. பழைய மோட்டார்களில் ஏ 105, ஈ 120 என்றும் பார்க்கலாம். இந்த எண் சுருளின் மிகச் சூடான இடத்துக்கு உரியது. வெளியே கை வைத்துப் பார்க்கும் சூட்டுக்கு இதைப் பொருத்தக் கூடாது. முழுச் சுமையில் ஓடும் மோட்டாரின் உடம்பு 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம், கை வைத்தால் சட்டென்று எடுக்கத் தோன்றும்.

தகட்டில் அடுத்ததாக வெப்ப உயர்வு பி என்று இருக்கிறது. மின்காப்பு எஃப் என்று சொல்லிவிட்டு இது ஏன் பி என்று மொழிபெயர்ப்பவருக்குக் குழப்பம் வரும். அச்சுப் பிழை என்று நினைத்து எஃப் ஆக்கியவரையும் எனக்குத் தெரியும். பிழையில்லை. பொருள் 155 தாங்கும், ஆனால் மோட்டாரை 130 க்குள் நிற்கும்படி செய்திருக்கிறார்கள் என்று பொருள். கணக்கு இதோ: 130 இலிருந்து சுற்றுப்புறத்துக்கு 45 கழியுங்கள், சுருளுக்குள் சில இடம் சராசரியைவிடக் கூடுதலாகச் சுடும் என்பதற்காக 10 கழியுங்கள். மிச்சம் 75. முழுச் சுமையில் சுருள் சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 75 டிகிரி வரை ஏறலாம். பாலக்காட்டில் பங்குனி வெயில் 40 ஐத் தாண்டுவதுண்டு, மில்லுக்குள் இன்னும் கூடும். அந்த நாட்களில் இந்த 25 டிகிரி இடைவெளிதான் மோட்டாரைக் காக்கிறது. மின்காப்பு தன் எல்லைக்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு.

சில தகடுகளில் எழுத்துக்குப் பதில் வெப்ப உயர்வு 80 கே என்று இருக்கும். கே என்பது கெல்வின். அதை "வெப்பநிலை 80 கெல்வின்" என்று எழுதினால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 193 டிகிரி செல்சியஸ் ஆகிவிடும், காற்றே திரவமாகும் சில்லிப்பு. இங்கே அது வித்தியாசத்தின் அளவு. "சுற்றுப்புறத்தைவிட 80 டிகிரிக்கு மேல் ஏறாது" என்று வாக்கியமாகவே எழுதிவிடுங்கள்.

ஒரு விஷயத்தைத் தகடு சொல்லாது. இந்த மோட்டார் ரீவைண்டிங் ஆனது. என் மச்சான் சித்தூரில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்: "தகட்டுல எஃப்னு இருக்கட்டும் மாப்ள, உள்ள என்ன பேப்பர் போட்டாங்கன்னு கேளுங்க." ஸ்லாட்டில் வைக்கும் பேப்பர், கம்பியின் எனாமல், ஸ்லீவ், வார்னிஷ் ஆகியவற்றில் எது மட்டமானதோ அதன் வகுப்புதான் மொத்தச் சுருளின் வகுப்பு. கம்பி எஃப் தரத்தில் இருந்து வார்னிஷ் பி தரத்தில் இருந்தால் அது பி மோட்டார். அந்த மில் மோட்டாருக்கு வேலை செய்த பட்டறையில் விசாரித்தேன், வார்னிஷ் பி தான். தகட்டில் உள்ளதை மாற்ற எனக்கு உரிமையில்லை. நட்சத்திரம் போட்டு அடுத்த வரியில் நடப்பு நிலையை எழுதினேன். எஃப் தந்த 25 டிகிரி இடைவெளி இந்த மோட்டாரில் இப்போது இல்லை என்பதை மில்காரர் தெரிந்துகொள்ள வேண்டுமே.

மிச்ச வரிகள்

டியூட்டி என்பதைக் கடமை என்று எழுதியவர் அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார். வேறொருவர் வரி என்று எழுதினாலும் அகராதிப்படி சரிதான், சுங்க வரி. மோட்டாரில் அது ஓடும் முறை. எஸ்1 என்றால் முழுச் சுமையில் இடைவிடாமல் ஓடலாம். எஸ்2, எஸ்3 என்று இருந்தால் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்ட வேண்டும், அந்த நேரக் கணக்கை விடாமல் எழுதுங்கள்.

மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டும் பாடநூலில் சரியான சொற்கள். ஆனால் நம் ஊரில் கரண்ட் என்றால் மின்சாரமும் அதுதான், ஆம்பியரும் அதுதான். அலகையே பெயராக வைத்துவிட்டால் குழப்பமில்லை: வோல்ட், ஆம்பியர். கூட்டல் கழித்தல் பத்து சதவீதத்தைக் கணக்குப் போட்டு 374 முதல் 457 வரை என்று எழுதினேன். மாலையில் லைன் இறங்கும்போது மீட்டரைப் பார்த்து முடிவெடுக்க அது உதவும். முக்கோணக் குறிக்கு டெல்டா இணைப்பு. ஐ.எஸ். எண்ணைத் தொடவே வேண்டாம்.

அந்தத் தகட்டுக்குப் பெயர்ப்பலகை என்று தலைப்பு வைக்காதீர்கள், அது வீட்டு வாசலில் மாட்டுவது. நான் "மோட்டார் விவரத் தகடு" என்று வைத்தேன்.

அட்டை

வரிசையையும் மாற்றினேன். பையன் முதல் இரண்டு வரியைத்தான் வாசித்தான் அல்லவா? அடுத்த முறையும் மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆகவே புதிய மோட்டார் வாங்கத் தேவையானவை மேலே, ஓட்டும்போது தேவையானவை கீழே.

```
மோட்டார் விவரத் தகடு (மூன்று ஃபேஸ், இண்டக்ஷன்)

ஷாஃப்ட்டில் தரும் திறன்   3.7 kW / 5 HP
சுற்றுவேகம்            1440 RPM
ஃபிரேம் அளவு          112M
 * ஷாஃப்ட் மைய உயரம் 112 மி.மீ.
 * துளை இடைவெளி குறுக்கே 190, நெடுக்கே 140 மி.மீ.
 * ஷாஃப்ட் தடிமன் 28 மி.மீ.
வோல்ட்               415 (374 முதல் 457 வரை), டெல்டா
ஹெர்ட்ஸ்             50 ±5%
பயன் விகிதம்          88.4 %, IE3
தூசி, தண்ணீர்த் தடுப்பு   IP 55

முழுச் சுமையில் ஆம்பியர்  7.3
பவர் ஃபேக்டர்          0.80
ஓடும் முறை            S1, இடைவிடாமல்
மின்காப்பு வகுப்பு       F (சுருள் 155 °C வரை தாங்கும்)
வெப்ப உயர்வு          B (சுருள் 130 °C க்குள் நிற்கும்)
 * ரீவைண்டிங்குக்குப் பின் மின்காப்பு B
சுற்றுப்புறம்            45 °C வரை
தர எண்               IS 12615

 * குறி உள்ளவை தகட்டில் இல்லை, சேர்த்தவை.
```

அடித்து முடித்ததும் ஒட்டிவிடாதீர்கள். தகட்டைப் பார்க்காத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, இன்னொருவருக்கு போனில் இதே மோட்டாரை ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதட்டும். அதை மூலத் தகட்டோடு ஒப்பிடுங்கள். நான் மில் பையனிடம் அட்டையைக் கொடுத்தேன், மச்சான் கடையிலிருந்து எழுதினார். முதல் முறை எல்லா வரியும் அப்படியே திரும்பி வந்தன.

பையனுக்கு மட்டும் திருப்தியில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தான். "அண்ணா, உயரம் 187 வருதுங்க. உங்க அட்டை தப்பா, தகடு தப்பா?" என்றான். போய்ப் பார்த்தேன். மோட்டார் 75 மில்லிமீட்டர் சேனல் மேல் உட்கார்ந்திருந்தது, அவன் தரையிலிருந்து அளந்திருந்தான். ஷாஃப்ட் மைய உயரம் என்ற வரிக்கு முன்னால் "மோட்டார் காலின் அடியிலிருந்து" என்று சேர்த்து, அட்டையை மறுபடி அடித்தேன்.